வாடகை பாக்கி, அட்வான்ஸ்: மூன்று வருடக் கெடு எந்தத் தேதியில் தொடங்குகிறது?

வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக வேலை பார்க்கிறேன். வாடகைத் தகராறோடு வருகிறவர்கள் எவ்வளவு பணம் வர வேண்டும் என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். நான் முதலில் கேட்பது தேதியை. எந்த மாதத்திலிருந்து பாக்கி, என்றைக்குச் சாவியைக் கொடுத்தீர்கள், கடைசியாக எந்தக் காகிதத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால், வழக்குப் போட முடியுமா முடியாதா என்பது பாதி தெரிந்துவிடும்.

2018-இல் ஒரு அம்மா வந்தார். குடியிருந்த வீட்டை 2014 ஜூனில் காலி செய்திருந்தார். அட்வான்ஸ் 1,00,000 ரூபாய். ஒப்பந்தப் பத்திரம், பணம் கட்டிய வங்கிச் சீட்டு, மின்கட்டண ரசீது எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் அழகாக அடுக்கி வைத்திருந்தார். “தர மாட்டேன்னு அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை தம்பி. அடுத்த ஆள் வரட்டும்னார், பொண்ணு கல்யாணம் முடியட்டும்னார், நானும் சரின்னு இருந்துட்டேன்” என்றார். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று வக்கீல் கேட்டார். எதுவும் இல்லை. எல்லாமே வாய்ப்பேச்சு. காலி செய்து நான்கு வருடம் ஆகிவிட்டது. “அவர் என் பணத்தை வச்சிருக்கிறது உண்மைதானே, அதுக்குப் போய் ஒரு கெடுவா?” என்று அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

கெடு இருக்கிறது. அது எப்படி ஓடுகிறது, எப்போது புதிதாகத் தொடங்குகிறது என்பதை முன்பே தெரிந்துகொண்டால் அந்த அம்மாவுக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராது. நான் சொல்வது இந்தியச் சட்டப்படி. மற்ற நாடுகளில் கணக்கு வேறு. மலேசியா, சிங்கப்பூர், இங்கிலாந்து ஆகிய இடங்களில் வாடகை பாக்கிக்குப் பொதுவாக 6 வருடம். இங்கே 3.

சட்டம் சொல்வது என்ன

1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் பின்னால் ஒரு நீண்ட அட்டவணை உண்டு. எந்த வகை வழக்கை எத்தனை வருடத்துக்குள் போட வேண்டும், அந்த வருடங்களை எந்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று அதில் வரிசையாக இருக்கும். வாடகை பாக்கிக்கு 52ஆம் இனம்: பாக்கி ஏற்பட்ட நாளிலிருந்து 3 வருடம். அட்வான்ஸுக்கு என்று தனியாக ஓர் இனம் கிடையாது. ஒப்பந்தத்தின் வாசகத்தைப் பொறுத்து வேறு வேறு இனங்களைச் சொல்லி வாதாடுவார்கள். ஆனால் எப்படிப் பார்த்தாலும் 3 வருடம்தான். எந்த நாளிலிருந்து என்பதில்தான் சண்டை வரும்.

பத்திரத்தைப் பதிவு செய்திருந்தால் 6 வருடம் உண்டு என்று பெரியவர்கள் சிலர் இன்னமும் சொல்வார்கள். 1908ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் அப்படி இருந்தது. இன்றைய சட்டத்தில் இல்லை. பதிவு செய்தாலும் செய்யாவிட்டாலும் 3 வருடம்தான்.

இதில் இரண்டு விஷயங்கள் புதிதாக வருகிறவர்களைத் திடுக்கிட வைக்கும். ஒன்று, கெடு முடிந்துவிட்டது என்று எதிராளி சொல்லாவிட்டாலும், நீதிமன்றமே தேதியைப் பார்த்து வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும். 3ஆம் பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது. இரண்டு, “உடம்பு சரியில்லை, அதனால் தாமதமாகிவிட்டது, மன்னித்து ஏற்றுக்கொள்ளுங்கள்” என்று கேட்கும் மனு மேல்முறையீடுகளுக்கும் சில விண்ணப்பங்களுக்கும்தான் செல்லும். முதன்முதலாகப் போடும் வழக்குக்கு அந்த 5ஆம் பிரிவு பொருந்தாது. ஒருநாள் தாமதமானாலும் தாமதம்தான். கெடு முடிகிற நாள் நீதிமன்ற விடுமுறையில் விழுந்தால், திறக்கிற முதல் நாளில் போடலாம். அவ்வளவுதான் சலுகை.

உங்கள் பத்திரத்தில் “காலி செய்த 6 மாதத்துக்குள் அட்வான்ஸைக் கேட்காவிட்டால் வழக்குத் தொடரக் கூடாது” என்கிற மாதிரி ஏதாவது எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். சட்டம் தரும் காலத்தை ஒப்பந்தத்தால் சுருக்க முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு அதைச் செல்லாது என்கிறது.

முதல் வேலை: தொடங்கும் தேதியைப் பிடிப்பது

வாடகையில் அடிக்கடி நடக்கும் பிழை, மொத்த பாக்கியையும் ஒரே கடனாக நினைப்பது. “அவர் காலி செய்து ஒரு வருடம்தானே ஆகிறது, இன்னும் இரண்டு வருடம் இருக்கிறதே” என்று வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். வாடகைக்கும் காலி செய்த தேதிக்கும் சம்பந்தமே இல்லை. ஒவ்வொரு மாத வாடகையும் தனிக் கடன். ஒவ்வொன்றுக்கும் அதனதன் 3 வருடம். மாதா மாதம் 5ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம் இருந்தால், 2022 ஏப்ரல் வாடகையின் கெடு 2025 ஏப்ரல் 5-இல் முடியும், மே வாடகையின் கெடு 2025 மே 5-இல் முடியும். இப்படி மாதத்துக்கு ஒன்றாகக் கையை விட்டுப் போகும்.

வீட்டைக் காலி செய்யச் சொல்லும் உரிமையின் கெடு வேறு. வாடகை ஒப்பந்தம் முறிந்த நாளிலிருந்து 12 வருடம் அதற்கு உண்டு. இதை எங்கேயோ கேட்டுவிட்டு, பாக்கியை வசூலிக்கவும் 12 வருடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். வெளியேற்றும் வழக்கு நடந்துகொண்டிருப்பதால் பாக்கிக்கான கெடு தானாக நின்றுவிடாது. வெளியேற்றக் கேட்கும்போதே பாக்கியையும் எப்படிக் கேட்பது என்று வக்கீலிடம் அன்றைக்கே பேசிவிடுங்கள்.

அட்வான்ஸ் வேறு மாதிரி. அது ஒரே தொகை, அதற்கு ஒரே தேதி. பெரும்பாலான பத்திரங்களில் “வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்கும்போது திருப்பித் தரப்படும்” என்று இருக்கும். அப்படியானால் சாவியைக் கொடுத்த நாள்தான் தொடக்கம். “காலி செய்து 30 நாளில்” என்று இருந்தால் அந்த 30ஆம் நாள் முடியும்போது. “கேட்கும்போது தரப்படும்” என்று இருந்தால், கேட்ட நாளிலிருந்து என்று வாதாட இடம் உண்டு. ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். எந்த வாசகம் இருந்தாலும் சாவியைக் கொடுத்த நாளிலிருந்து 3 வருடம் எண்ணி, அதற்குள் வழக்குப் போட்டுவிட்டால் எந்த வாதத்திலும் நீங்கள் கெடுவுக்குள் இருப்பீர்கள்.

அதனால் சாவியைக் கொடுக்கும் நாளில் ஒரு சிறு காகிதம் எழுதி வாங்குங்கள். “இன்று, இந்தத் தேதி, வீட்டைக் காலியாகப் பெற்றுக்கொண்டேன். இன்னாருக்கு அட்வான்ஸ் 1,00,000 ரூபாய் தர வேண்டியுள்ளது.” கீழே வீட்டுக்காரரின் கையெழுத்து. இந்த இரண்டு வரி இரண்டு வேலை செய்கிறது: தொடங்கும் தேதியில் பின்னால் சண்டை வராது, கடன் இருப்பதும் எழுத்தில் ஏறிவிடும். இதைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள்தான் அதிகம். சாவி கைமாறுகிற அந்த நிமிடத்தில் கேட்பதுதான் சுலபம், பிறகு அவர் உங்களைத் தேடி வரப்போவதில்லை.

இரண்டாவது வேலை: மாத வாரியாக எழுதிப் பார்ப்பது

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். மாத வாடகை 10,000 ரூபாய், 5ஆம் தேதிக்குள் தர வேண்டும். அட்வான்ஸ் 30,000. குடியிருப்பவர் 2022 ஏப்ரலிலிருந்து 2023 மார்ச் வரை 12 மாதம் வாடகை தரவில்லை. அதன்பிறகு வேலை கிடைத்து, ஒழுங்காகக் கொடுத்து வந்தார். பழைய 1,20,000 ரூபாயை மெல்லத் தருவதாகச் சொன்னார். வீட்டுக்காரரும் நல்ல மனிதர், நெருக்கவில்லை. 2025 ஜனவரி 31-இல் குடியிருப்பவர் காலி செய்தார். பாக்கி வரவில்லை. 2025 நவம்பர் 20-இல் வீட்டுக்காரர் வக்கீலைப் பார்க்கிறார்.

2025 நவம்பர் 20-இலிருந்து 3 வருடம் பின்னோக்கிப் போனால் 2022 நவம்பர் 20. அந்த நாளுக்கு முன்பு தர வேண்டியிருந்த வாடகை எல்லாம் கெடு தாண்டிவிட்டது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை 8 மாதம், 80,000 ரூபாய். மிச்சம் இருப்பது 2022 டிசம்பர், 2023 ஜனவரி, பிப்ரவரி, மார்ச். 4 மாதம், 40,000 ரூபாய். அதிலும் டிசம்பர் வாடகையின் கெடு 2025 டிசம்பர் 5-இல் முடிகிறது. இன்னும் இரண்டு வாரம்தான். அலுவலகத்தில் காகிதம் தயாராகச் சில நாள் ஆகிவிட்டால் அந்த 10,000-மும் போய்விடும்.

இவர் 2025 மார்ச் மாதம் வந்திருந்தால் 1,20,000-மும் முழுதாக இருந்திருக்கும். எட்டு மாதத் தாமதம் எட்டு மாத வாடகையைத் தின்றது. இந்தக் கணக்கை ஒரு தாளில் மூன்று பத்தியாகப் போடுங்கள்: மாதம், தர வேண்டிய தேதி, கெடு முடியும் தேதி. பாக்கி வைத்த முதல் மாதத்துக்கு எதிரே இருக்கிற கெடுத் தேதிதான் உங்கள் உண்மையான கடைசி நாள். அந்தத் தேதிக்கு ஆறு மாதம் முன்னால் ஒரு தேதியைக் குறித்து வைத்து, அன்றைக்கு வக்கீல் அலுவலகத்தில் இருங்கள்.

மூன்றாவது வேலை: கையெழுத்து வாங்குவது

உறவு கெடாமல் கெடுவை நீட்டிக்க ஒரு வழி உண்டு. காலவரையறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு. கெடு முடிவதற்கு முன், கடன்பட்டவர் “இந்தப் பணம் நான் தர வேண்டியிருக்கிறது” என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அந்தக் கையெழுத்து நாளிலிருந்து புதிதாக 3 வருடம் தொடங்கும்.

நம் கணக்கிலேயே பாருங்கள். 2024 மார்ச் 10-இல், எந்த மாதமும் இன்னும் கெடு தாண்டாத நேரத்தில், “2022 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை 12 மாத வாடகை 1,20,000 ரூபாய் நான் தர வேண்டியுள்ளது” என்று ஒரே ஒரு வரியில் கையெழுத்து வாங்கியிருந்தால், முழுத் தொகைக்கும் 2027 மார்ச் 10 வரை நேரம் கிடைத்திருக்கும். அதே காகிதத்தை 2025 ஜூன் 10-இல் வாங்கியிருந்தால்? அதற்குள் ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் கெடு தாண்டிவிட்டன. கெடு தாண்டிய கடனுக்கு 18ஆம் பிரிவு உயிர் கொடுக்காது. ஜூலை முதலான 9 மாதம், 90,000 ரூபாய்க்கு மட்டும் புதுக் கெடு. மூன்று மாதம் முந்தியிருந்தால் முழுதும் தப்பியிருக்கும்.

என்ன எழுத வேண்டும் என்பதில் கவனம் வேண்டும். “2019-இல் அட்வான்ஸ் 1,00,000 ரூபாய் வாங்கினேன்” என்பது பழைய சம்பவத்தைச் சொல்கிறதே தவிர, இன்றைக்குக் கடன் நிலுவையில் இருப்பதை ஒப்புக்கொள்ளவில்லை. “தர வேண்டியுள்ளது” என்ற சொல் வேண்டும், தேதி வேண்டும், கையெழுத்து வேண்டும். ஒருவேளை அவர் முழுத் தொகையை ஏற்காமல், “பெயிண்டிங் செலவைக் கழித்துக்கொண்டுதான் தருவேன்” என்றோ “இப்போது தர முடியாது” என்றோ எழுதினாலும் கவலைப்படாதீர்கள். தர மறுத்தாலும், வேறு தொகையைக் கழிக்க வேண்டும் என்று சொன்னாலும், கடன் இருப்பதை ஏற்றுக்கொண்டிருந்தால் அது ஒப்புதல்தான் என்று அதே பிரிவின் விளக்கம் தெளிவாகச் சொல்கிறது. கோபமாக எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அவர் கிழித்தது அவருக்குச் சாதகமான ஒரே சாட்சி.

வாட்ஸ்அப்பில் “தந்துவிடுகிறேன் சார்” என்று வந்த செய்தி போதுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மின்னஞ்சலை ஒப்புதலாக ஏற்றுக்கொண்ட உயர் நீதிமன்றத் தீர்ப்பு உண்டு. ஆனாலும் எந்தத் தொகை, எதற்கான தொகை என்று சொல்லாத ஒரு வரிச் செய்தியைத் தாங்கி வழக்கை நிறுத்துவது கஷ்டம். செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள், அந்த போனையும் விற்காதீர்கள். கூடவே காகிதத்திலும் கையெழுத்து வாங்குங்கள். 11 மாத ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறவர்களுக்கு இது இன்னும் சுலபம். புதுப் பத்திரத்திலேயே பழைய பாக்கி எவ்வளவு, கையில் இருக்கும் அட்வான்ஸ் எவ்வளவு என்று ஒரு பத்தி சேர்த்துவிட்டால் இருவருக்குமே பாதுகாப்பு.

பகுதிப் பணம் வந்தால்

பாக்கியில் கொஞ்சம் கொடுத்தாலும் கெடு புதிதாகத் தொடங்கும் என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. இங்கேயும் இரண்டு நிபந்தனை உண்டு. கெடு முடிவதற்குள் பணம் வந்திருக்க வேண்டும். பணம் கொடுத்தவர் தன் கையாலேயே எழுதியதில், அல்லது அவர் கையொப்பமிட்ட ஓர் எழுத்தில், அது தெரிய வேண்டும். காசோலையில் கையெழுத்து இருக்கிறது. கையில் கொடுத்த ரொக்கத்துக்கு நீங்கள் எழுதிக்கொடுத்த ரசீதில் இருப்பது உங்கள் கையெழுத்து, அவருடையது அல்ல. போனிலிருந்து அனுப்பிய பணத்தில் கையெழுத்தே இல்லை. ஆகவே, “பழைய பாக்கியில் 10,000 ரூபாய் இன்று கொடுத்தேன், மீதி 1,10,000” என்று கொடுத்தவர் கையாலேயே எழுதி வாங்கிவிடுவது நல்லது.

வந்த பணம் எந்த மாதக் கணக்கில் சேரும் என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பணம் கொடுக்கிறவர் “இது இந்த மாத வாடகை” என்று சொல்லிக் கொடுத்தால் அதில்தான் வரவு வைக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் கொடுத்தால், வாங்குகிறவர் தன் விருப்பப்படி வரவு வைக்கலாம், கெடு தாண்டிய பழைய மாதத்துக்குக்கூட. இருவருமே எதுவும் சொல்லாவிட்டால் பழைய பாக்கியிலிருந்து வரிசையாகக் கழியும். ஒப்பந்தச் சட்டத்தின் 59, 60, 61 பிரிவுகள் இவை. குடியிருப்பவராக இருந்தால் பணம் அனுப்பும்போது எந்த மாதம் என்று குறிப்பு எழுதுங்கள். வீட்டுக்காரராக இருந்தால், குறிப்பில்லாமல் வந்த பணத்தை எந்த மாதத்தில் வரவு வைத்தீர்கள் என்று அன்றைக்கே எழுதித் தெரிவியுங்கள்.

நான்காவது வேலை: நோட்டீஸ், அப்புறம் வழக்கு

வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டால் கெடு நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். நிற்காது. காவல் நிலையத்தில் கொடுத்த புகாரும் நிறுத்தாது, ஊர்ப் பெரியவர் முன்னால் நடந்த பேச்சுவார்த்தையும் நிறுத்தாது. ஓடத் தொடங்கிய கெடுவுக்கு இடையில் வரும் நோயும் மரணமும் தடை இல்லை. வீட்டுக்காரர் இறந்துவிட்டால் வாரிசுகளிடம் கேட்க வேண்டும், அதே கெடுவுக்குள். எதிராளி இந்தியாவை விட்டு வெளியே இருந்த காலத்தைக் கழித்துக்கொள்ள காலவரையறைச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. ஆனால் அவர் எந்தெந்த நாள் வெளியே இருந்தார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியிருக்கும். அதைக் கடைசிப் பிடிமானமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் நோட்டீஸ் எதற்கு? பதிலுக்காக. நோட்டீஸைப் பார்த்ததும் எதிராளி தன் வக்கீல் மூலமாகப் பதில் அனுப்புவார். அதில், “அட்வான்ஸ் 1,00,000 வாங்கியது உண்மை, சேதத்துக்காக 45,000 கழித்துவிட்டோம், மீதி 55,000-ஐப் பிறகு தருவோம்” என்று இருந்தால், அவர் சார்பில் அதிகாரம் பெற்றவர் கையெழுத்திட்ட ஒப்புதல் உங்கள் கைக்கு வந்துவிட்டது. கெடுவுக்குள் வந்திருந்தால் அது புது 3 வருடத்தைத் தொடங்கிவைக்கும். அதனால்தான் நோட்டீஸைக் கெடு முடிய நாலைந்து மாதம் இருக்கும்போதே, கிடைத்ததற்கான அத்தாட்சியோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்பச் சொல்கிறோம். 15 நாள் அவகாசம் கொடுத்து, பதிலைப் பார்த்து, பேசித் தீர்க்க முயன்று, அது நடக்காவிட்டால் வழக்குக்குப் போக நேரம் இருக்கும்.

கெடுவை உண்மையில் நிறுத்துவது ஒன்றே ஒன்று: நீதிமன்றத்தில் உரிய அலுவலரிடம் வழக்குரையைத் தாக்கல் செய்வது. எந்த நீதிமன்றம் என்பது உங்கள் மாநிலச் சட்டத்தையும் தொகையையும் பொறுத்தது. நல்லெண்ணத்தோடு தவறான நீதிமன்றத்தில் போட்டு அலைந்த காலத்தைக் கழித்துக்கொள்ள 14ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் கவனக்குறைவாக இருந்துவிட்டு அதைக் கேட்டால் கிடைக்காது. வழக்குரையில், வழக்குக்கான காரணம் எந்தத் தேதியில் எழுந்தது என்று ஒரு பத்தி எழுதியே ஆக வேண்டும். ஒப்புதல் கடிதத்தால் கெடு நீண்டது என்றால் அதையும் அங்கேயே சொல்ல வேண்டும். கட்டணம் குறைவு, பக்க எண் இல்லை, நகல் இல்லை என்று திருப்பித் தருவதும் அன்றாடம் நடக்கிறது. கடைசி வாரத்தில் வந்து நிற்கிறவர்களுக்காக நாங்கள் இரவு முழுக்க உட்கார்ந்து தட்டச்சு செய்திருக்கிறோம். சில நேரம் அதுவும் போதவில்லை.

கெடு தாண்டிவிட்டது என்றால்

கடன் அழிந்துவிடுவதில்லை. நீதிமன்றத்தில் வசூலிக்கும் வழி மட்டும்தான் அடைபடுகிறது. இதனால் இரண்டு வாசல் திறந்திருக்கிறது.

ஒன்று, கையில் இருக்கும் அட்வான்ஸ். வங்கி ஒன்று தன்னிடம் ஈடாக இருந்த வைப்புத் தொகையைக் கெடு தாண்டிய கடனில் கழித்துக்கொண்ட வழக்கில், கடன் அழியவில்லை என்ற அடிப்படையில் அதை உச்ச நீதிமன்றம் 1992-இல் சரி என்றது. வாடகைப் பத்திரத்தில் “பாக்கி இருந்தால் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம்” என்று இருந்தால் வீட்டுக்காரர் இதே வாதத்தை எடுக்கலாம். நம் கணக்கில் அவர் 30,000-ஐ 2022 ஏப்ரல், மே, ஜூன் மாதங்களுக்கு வரவு வைத்ததாக, காலி செய்த நாளிலேயே எழுதித் தெரிவித்திருக்க வேண்டும். அப்போது அவர் இழப்பது 80,000 அல்ல, 50,000. புது மாதங்களுக்கு அட்வான்ஸைக் கழித்துவிட்டுப் பழைய மாதங்களுக்கு வழக்குப் போட வருகிறவர்கள், இருக்கிற பணத்தையும் தவறான இடத்தில் செலவழித்தவர்கள்.

இன்னொன்று, ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. கெடு தாண்டிய கடனை முழுதாகவோ பகுதியாகவோ தருவதாக ஒருவர் எழுதிக் கையெழுத்திட்டால் அது செல்லுபடியாகும் புது ஒப்பந்தம். இங்கே “தர வேண்டியிருந்தது” என்ற ஒப்புதல் போதாது. “தருகிறேன்” என்ற வாக்குறுதி வேண்டும். கெடுவுக்குள் என்றால் ஒப்புதல் போதும், கெடு தாண்டினால் வாக்குறுதியே வேண்டும். இந்த ஒரு சொல் வித்தியாசத்தில் வழக்குகள் தோற்றிருக்கின்றன.

கொரோனா காலத்து பாக்கி பற்றிக் கேட்கிறவர்கள் இன்னும் வருகிறார்கள். 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தைக் கெடுக் கணக்கிலிருந்து கழித்துவிட உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த நாட்களுக்குள் ஏற்பட்ட பாக்கிக்கு 2022 மார்ச் 1-இலிருந்து எண்ண வேண்டும். அந்த 3 வருடம் 2025 பிப்ரவரி இறுதியோடு முடிந்துவிட்டது. நடுவில் ஒப்புதல் கடிதமோ கையெழுத்தோடு பகுதிப் பணமோ இல்லாவிட்டால், ஊரடங்கு மாதங்களின் வாடகைக்கு இனி அந்தச் சலுகை உதவாது.

அந்த அம்மாவின் விஷயத்தில் வக்கீல் வழக்குப் போடவில்லை. போட்டால் கட்டணமும் சேர்ந்து போகும் என்று நேராகவே சொல்லிவிட்டார். அதற்குப் பதிலாக வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் எழுதினார், மிரட்டல் எதுவும் இல்லாமல். அந்த வீட்டில் குடியிருந்த ஒன்பது வருடத்தில் இவர் ஒரு மாதமும் வாடகை தவறியதில்லை என்பதை மட்டும் நினைவூட்டினார். இரண்டு முறை பேசிய பிறகு வீட்டுக்காரர் வந்தார். “60,000 ரூபாயை மாதம் 5,000 வீதம் 12 மாதத்தில் தருகிறேன்” என்று முத்திரைத் தாளில் நான் தட்டச்சு செய்தேன். “தருகிறேன்” என்ற சொல்லை வக்கீல் விரலால் தொட்டுக் காட்டிச் சரிபார்த்த பிறகுதான் கையெழுத்து வாங்கினோம். மீதி 40,000-ஐ அந்த அம்மா விட்டுக்கொடுத்தார்.